வராதவர்கள் குணமானவர்கள்

நாற்பத்தொன்பது வயதில் பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு வீட்டில் மரியாதை குறைந்துவிடும். ஒரே தாளில் இரண்டு முறை தோற்றவனுக்கு ஊரிலும் குறைந்திருக்கும். நான் ஊருக்குச் சொல்லவில்லை. ஜெயித்த செய்தியை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்ததால் தோற்ற செய்தியைச் சொல்ல வாய் வரவில்லை. குடும்ப மருத்துவ டிப்ளமாவில் சேர்ந்த ஆறாவது மாதமே பெயின்டரிடம் புதுப் போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன். பெயருக்குப் பின்னால் டிப்ளமாவின் எழுத்துகளும் சேர்ந்து பளபளவென்று வந்திறங்கியது. முதல் முடிவு வந்த அன்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இன்னும் அங்கேதான் படுத்திருந்தது.

மற்ற தாள்களெல்லாம் தேறிவிட்டேன். காய்ச்சல், சர்க்கரை, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் போடியில் இருபது வருடம் கிளினிக் வைத்திருப்பவனுக்குத் தண்ணி பட்ட பாடு. மிஞ்சியது ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்ற தாள். கையில் ஒரு மருந்துச் சோதனைக் கட்டுரையைக் கொடுப்பார்கள். தொண்ணூறு நிமிடம். இந்தச் சோதனையை நம்பலாமா, நம்பினால் எவ்வளவு, உன் நோயாளிக்கு இது பொருந்துமா என்று மூன்று கேள்விகளின் வழியே அதைப் பிரித்துப் போட வேண்டும். பிறகு ஒரு வாய்மொழித் தேர்வு. மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் போனால் இரண்டு வருடப் படிப்பு முழுவதும் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

முதல் முறை நான் தோற்றதற்குக் காரணம் இலக்கியம். மருந்துச் சோதனைக் கட்டுரைகளில் ஒரு படம் இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எப்படி இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்று கட்டம் கட்டிக் காட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் சின்னக் கட்டம் ஒன்று, அதில் தொடர்பு விட்டுப்போனவர்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் கவிஞன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எங்கே போனார்கள் இவர்கள், எந்த மலைவளைவில் இறங்கினார்கள், எந்தப் பனியில் கரைந்தார்கள் என்று நாற்பது நிமிடம் எழுதினேன். நல்ல உரைநடை. இப்போது நினைத்தாலும் இரண்டு வரி மனப்பாடமாக வருகிறது. எந்தக் குழுவில் எத்தனை பேர் போனார்கள் என்று மட்டும் எழுதவில்லை. மதிப்பெண் அதற்குத்தான் இருந்தது.

இரண்டாம் முறை கவிஞனை வீட்டில் விட்டுப் போனேன். அவனுக்குப் பதில் முட்டாள் ஒருவன் கூடவே வந்தான். மருந்துச் சோதனையில் வரும் இரண்டு விதமான மறைப்புகளைக் குழப்பி, ஒன்றைக் கேட்ட இடத்தில் மற்றதைத் தெளிவான கையெழுத்தில் விவரித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் மலை மேலே ஏலத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். போடிக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர், அதே டிப்ளமாவில் ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவர். அவருக்கு இந்தத் தாள் முதல் முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போடிமெட்டு இறங்கி வருவார். என் கிளினிக் அப்போது மூடியிருக்கும். நோயாளி உட்காரும் ஸ்டூலில் நான் உட்காருவேன், என் நாற்காலியில் அவர். முதல் நாளே அந்த ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. மருந்துக் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி, தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த வாரத்து மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே எங்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அண்ணே, ரெண்டு மறைப்பையும் ஏன் குழப்பிக்கிறீங்க? நம்ம ஜீப்பு ஸ்டாண்டை எடுத்துக்கங்க" என்றார் டாக்டரம்மா. "விடியக்காலம் தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக வரிசையா நிக்கிறாங்க. ரெண்டு தோட்டம். யார் எந்தத் தோட்டத்துக்குன்னு சீட்டு எடுத்து அனுப்பணும்னு ஏற்பாடு. அடுத்த சீட்டுல என்ன இருக்குன்னு ஆள் ஏத்துறவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா என்ன பண்ணுவான்?"

"கை வெரசா காய் எடுக்கிற ஆளை அவனுக்கு வேண்டிய தோட்டத்துக்குத் தள்ளுவான். இருமிக்கிட்டு நிக்கிறதை அடுத்ததுக்கு."

"அப்புறம் இந்தத் தோட்டத்துலதான் காய் சாஸ்தின்னு சொன்னா?"

"தோட்டம் காரணமில்ல, ஆளு காரணம்."

"அவ்வளவுதாண்ணே. அடுத்த சீட்டு அவனுக்குத் தெரியாம வைக்கிறது முதல் மறைப்பு. ஆள் ஜீப்புல ஏறுறதோட அதோட சோலி முடிஞ்சுபோச்சு. ஏறின பின்னாடி, எந்தத் தோட்டத்துல நிக்கிறோம்னு ஆளுகளுக்கும், சாயங்காலம் எடை போடுறவனுக்கும் தெரியாம வைக்கிறது ரெண்டாவது."

"கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போகணுமே தாயி. கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்துருவாங்க."

"அதான் ரெண்டாவது எல்லாச் சோதனையிலயும் முடியாது. முதலாவது எப்பவும் முடியும். செய்யலைன்னா சாக்குச் சொல்ல முடியாது."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எனக்கே புரிஞ்சிருச்சுங்க."

புரிந்தது. இரண்டு வருடமாகப் பாடப் புத்தகத்தில் புரியாதது, தினமும் காலை நடைப்பயிற்சியில் நான் கடந்து போகிற ஜீப்பு ஸ்டாண்டில் இருந்தது. அந்தப் பெண்களின் தலைத்துண்டையும் ஹெட்லைட் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அவர்களை யார் ஏற்றுகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பழகினோம். இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் பாதியில் விட்டவர்கள் நிறைய, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை எடுத்தவர்களில் குறைவு. கடைசிவரை இருந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

"இது தப்பு" என்றார் டாக்டரம்மா. "எந்தக் குழுவுல சேர்த்தோமோ, மாத்திரை தின்னாலும் தின்னாட்டியும் கடைசிக் கணக்குல அவன் அந்தக் குழுதான். விட்டுட்டுப் போனவன் ஏன் போனான்னு நமக்குத் தெரியாது."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். பரீட்சையை மறந்து, இருபது வருட அனுபவம் பேச ஆரம்பித்தது. "புஸ்தகத்துக்குச் சரிதாம்மா. நடைமுறையில வராதவன் குணமானவன். எங்கிட்ட தோட்டத்து ஆளுக இடுப்பு வலின்னு வர்றாங்க. ஒரு ஊசி, மூணு நாள் மாத்திரை. மூணாம் நாள் வரச் சொல்லுவேன். வர்றவங்கல்லாம் நல்லாருக்கு சார்னுதான் சொல்றாங்க. அப்புறம் வர்றதே இல்ல. குணமானதாலதானே வரமாட்டேங்கிறான்?"

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். சிரிப்பை அடக்குகிற ஆள் அப்படித்தான் சாமான்களை ஒழுங்குபடுத்துவார்.

"அண்ணே, அவங்க எங்கிட்ட வர்றாங்க."

"யாரு?"

"உங்க குணமானவங்க."

அடுத்த ஞாயிறு ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டு வந்தார். உள்ளே என் மருந்துச் சீட்டுகள். என் லெட்டர்பேடு, என் கையெழுத்து, என் ஊசி, என் மூன்று நாள் மாத்திரை. மேலே ஆஸ்பத்திரியில் காட்ட வரும்போது, முன்னால் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் இதைத்தான் நீட்டுகிறார்களாம். வயிற்றெரிச்சல், நெஞ்சுக்குழியில் வலி, ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து கறுப்பாக மலம் போய் மதுரைக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கிறது. கவரைக் கவிழ்த்தபோது மேஜையில் ஒரு சின்ன ஏலக்காய்க் குவியல் போல விழுந்தன. எண்ண வேண்டாம் என்று முதலில் தோன்றியது. அந்த ஆசையை நான் நன்றாகக் கவனித்துக்கொண்டேன், ஏனென்றால் இந்தப் பரீட்சை முழுக்க முழுக்க அந்த ஆசையைப் பற்றியதுதான்.

"சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு தெளிவா எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. காலை அஞ்சு மணிக்கு ஜீப்பு ஏறுறவங்க கட்டஞ்சாயா மட்டும் குடிச்சிட்டு மாத்திரையைப் போட்டுக்கிறாங்க. தூக்குவாளியைத் திறக்கிறது தோட்டத்துல பத்து மணிக்குண்ணே. அஞ்சு மணி நேரம் வெறும் வயித்துல." அவர் ஒரு சீட்டைத் திருப்பினார். "இதுல பின்னாடி என்னமோ எழுதியிருக்கு. 'மலை தன் முதுகைத் திருப்பிப் படுக்கிற நேரம்.' இது எத்தனை வேளைக்குண்ணே?"

தடுப்புக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் கீழே விழுந்தன. மனைவி சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

அந்த வாரம் நான் போன் பண்ண ஆரம்பித்தேன். கிளினிக் நோட்டில் இடுப்பு வலி என்று எழுதி, நம்பரும் இருந்தவர்கள் எல்லோருக்கும். எனக்குப் பிடித்தவர்களை மட்டும் கூப்பிடக்கூடாது, பக்கத்தின் மேலிருந்து வரிசையாக, ஒருவரைக்கூட விடாமல் என்று டாக்டரம்மா கட்டளை. முதல் போனை எடுத்தது ஒரு பெண்ணின் புருஷன்.

"யாரு?"

"போடி டாக்டர் பேசுறேன். வீட்டம்மாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்குன்னு கேக்கத்தான்."

"மாத்திரையில ஏதும் கோளாறா சார்? டிவியில எதும் சொல்லிட்டானா?"

"இல்லப்பா, சும்மாதான்."

"சும்மா டாக்டரு போன் பண்ணுவாரா?" அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு அந்தப் பெண்ணே வந்தார். தோட்டத்து லயக் குடியிருப்பில் மலையாளமும் கலந்து பேசிப் பழகியவர். "இப்ப கொறவுண்டு சார், வலி தேவலை."

"நம்ம மாத்திரையிலயா?"

"அது அன்னிக்கே வயித்தைப் புடுங்குச்சு, நிப்பாட்டிட்டேன் சார். மேல டாக்டரம்மா குனிஞ்சு நிமிர்றதுக்கு நாலு பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப மூணாம் நாள் எங்கிட்ட வந்து நல்லாருக்குன்னு சொன்னியேம்மா."

"நீங்க ஆசையா கேட்டீங்க சார்."

அந்த வாக்கியத்தை எந்த லெட்டர்பேடின் பின்னாலும் எழுதத் துணியவில்லை.

பரீட்சை மதுரையில். போடியிலிருந்து காலை பஸ்ஸில் இருவரும் போனோம். டாக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினார். நான் தேனி தாண்டும்வரை பையிலிருந்த குறிப்புகளையும் வெளியிலிருந்த தென்னந்தோப்புகளையும் மாறி மாறிப் பார்த்து இரண்டையும் மனதில் வாங்கவில்லை.

வினாத்தாளில் இருந்தது முட்டிவலிக்கான ஒரு மாத்திரைச் சோதனை. சீட்டு எடுத்த முறை சரி, ஒளி புகாத உறையில் மூடி வைத்திருந்தார்கள். ஜீப்பு ஸ்டாண்டு கண்ணில் வந்து போனது, இந்த முறை சரியான இடத்தில் சரியான மறைப்பை எழுதினேன். அடுத்து கட்டம் கட்டிய அந்தப் படம். பக்கவாட்டில் சின்னக் கட்டம். மாத்திரைக் குழுவிலிருந்து விலகியவர்கள் மற்றக் குழுவைப்போல மூன்று மடங்கு. காரணம் என்ற இடத்தில், சொந்தக் காரணங்கள்.

உள்ளே கவிஞன் நகர்வது தெரிந்தது. அவனை உட்கார வைத்துவிட்டு எண்களை எழுதினேன். விலகிய எல்லோரையும் அவரவர் குழுவிலேயே, வலி குறையாதவர்களாக வைத்துக் கணக்கை மறுபடி போட்டேன். கட்டுரையின் தலைப்பில் அவ்வளவு கம்பீரமாக நின்ற வித்தியாசம் கால்குலேட்டரில் ஒடுங்கி ஒடுங்கி, சொல்லிக்கொள்ள ஏதுமில்லாத அளவுக்கு வந்தது. ஒருவருக்குக் கூடுதலாக வலி குறைய எத்தனை பேர் மாத்திரை தின்ன வேண்டும் என்பதையும் போட்டேன். நீளமான வரிசை அது. ஒரு உவமைகூட எழுதவில்லை. வெளியே வந்தபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அது மதியச் சாப்பாடு வரை நீடித்தது. கேன்டீனில் ரசத்தைப் பிசைந்துகொண்டே டாக்டரம்மா கேட்டார்.

"அந்தக் கட்டுரையோட செய்முறைப் பகுதியில மூணு மாசம் கழிச்சு வலியை அளப்போம்னு போட்டிருந்தாங்க. முடிவுல ஒரு மாசத்துக் கணக்கைக் காட்டியிருந்தாங்க. பாத்தீங்கள்ல?"

நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"அண்ணே?"

"பாக்கலம்மா."

"அதுக்குத்தானண்ணே பெரிய மார்க்கு" என்றார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "விடுங்க. வாய்மொழி இருக்குல்ல."

மூன்றாவது முறையும் போனது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பேர். கேள்வி கேட்டது கண்ணாடி போட்ட ஒரு பெண் பேராசிரியர். மற்றவர் தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் விடைத்தாள் மேஜையில் இருந்தது.

"எழுதினதுல விட்டுப்போனது ஏதாவது சேர்க்கணுமா?" என்றார் பேராசிரியர்.

அந்தக் கேள்வியே ஒரு திறந்த கதவுதான். உள்ளே நுழைந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. "ஒண்ணு விட்டுட்டேன் மேடம். மூணு மாசத்துல அளப்போம்னு சொல்லிட்டு ஒரு மாசத்து முடிவைக் குடுத்திருக்காங்க. ஆனா நானாக் கண்டுபிடிக்கல. சாப்பிடும்போது கூட வந்த டாக்டர் சொன்னாங்க."

தாள் திருப்பிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப அதுக்கு எழுத்துல மார்க் கிடையாது" என்றார் பேராசிரியர்.

"கிடையாது மேடம்."

"அது ஏன் முக்கியம்னாவது சொல்லுங்க. அதையும் கேன்டீன்ல சொல்லிட்டாங்களா?"

"அது எனக்கே தெரியும். நான் அதை இருபது வருஷமாச் செஞ்சிட்டிருக்கேன்." பிறகு வந்தது முழுக்க என் மூன்றாம் நாள் கதை. ஊசியின் வேகம் இருக்கும்போதே வரச் சொல்வது, ஆசையாகக் கேட்பது, நல்லாருக்கு என்று வாங்கிக்கொள்வது, நோட்டில் எழுதுவது, கடைசியில் போன் பண்ணிக் கேட்டது. நாலாம் நாளிலிருந்து எனக்குக் கண் கிடையாது. "எந்த நாள்ல நமக்குச் சாதகமா இருக்கோ அந்த நாள்ல அளந்துட்டு, அதையே முதல்லயே முடிவு பண்ணின மாதிரி காட்டுறது. இவங்க மூணு மாசத்துலயும் அளந்திருப்பாங்க. அங்க வித்தியாசம் இருந்திருக்காது, அதனால சொல்லாம விட்டிருப்பாங்கன்னு சந்தேகம். நிரூபிக்க இந்தக் கட்டுரையில வழியில்ல. சோதனை ஆரம்பிக்கும்போது பதிஞ்சு வெச்ச திட்டத்தைத் தேடி ஒத்துப் பாக்கணும்."

"இந்த மாத்திரையை உங்க நோயாளிகளுக்குக் குடுப்பீங்களா?"

"இதை வெச்சு மாட்டேன். விலகினவங்க வயித்தெரிச்சல்ல போயிருக்கலாம். எங்க ஆளுகளுக்குக் காலைச் சாப்பாடு பத்து மணிக்கு."

"போன் பண்ணிக் கேட்டீங்களே, எத்தனை பேருக்குத் தொந்தரவு வந்துச்சு?"

"பாதிப் பேருதான் போனே எடுத்தாங்க மேடம். எடுக்காதவங்களைப் பத்திச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். புன்னகையா, களைப்பா என்று தெரியவில்லை. "இதுக்கெல்லாம் மதிப்பெண் திட்டத்துல இடம் இல்லையே சார்" என்றார். அது எந்தப் பக்கமும் சாயாத வாக்கியம். பஸ்ஸில் போடி வரும்வரை அதையே உரசிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, கிளினிக் நிறைந்திருந்த ஒரு காலையில் முடிவு வந்தது. மின்னஞ்சலைத் திறக்கக் கை வராமல் போனைக் கவுன்டரில் இருந்த மனைவியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். வரிசையில் நின்ற ஒரு ஏலக்காய் வியாபாரியும் எட்டிப் பார்த்தார்.

"பாஸு" என்றாள். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "ஒரு மார்க்குல."

டாக்டரம்மாவுக்கு உடனே போன் பண்ணினேன். அவர் எங்கேயோ உயரத்தில் தேறியிருந்தார். என் ஒற்றை மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, "போதும்ணே, எங்கேயிருந்தோ அள்ளிக் கொண்டாந்துட்டீங்க" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். நாலு பேர் முன்னால் நின்றுகொண்டு, இரண்டு தோல்விக்குப் பிறகு எனக்கு இது பிடிபட்டுவிட்டது, இப்போது என்னால் ஒரு கட்டுரையைப் படிக்க முடியும் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

மனைவி ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள்.

"ஏங்க, மூணு தடவை எழுதி ஒரு தடவை ஒரு மார்க்குல வந்திருக்கு. இது உங்களுக்குத் தெரிஞ்சு வந்ததா, தற்செயலா வந்ததான்னு எப்படிச் சொல்றது?"

ஏலக்காய் வியாபாரி என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.